VIX அப்படியே இருக்கு, VXX மட்டும் ஏன் கரையுது?

"மூணு மாசம் முன்னாடி VIX 14-ல VXX வாங்கினேன். இப்பவும் VIX 14 தான், ஆனா காசு கிட்டத்தட்ட கால்வாசி போச்சு. எப்படிங்க?"

நண்பரே, நீங்க வாங்கினது VIX இல்லீங்க, அதை யாராலும் வாங்க முடியாது. அமெரிக்கப் பங்குக் குறியீடான எஸ் அண்ட் பி 500-ஓட ஆப்ஷன் விலைகளை வச்சு அடுத்த 30 நாள்ல சந்தை எவ்வளவு ஆடும்னு கணக்குப் போட்டு, அதை வருஷ சதவீதமா சொல்ற நம்பர் தான் அது. 14-னா மாசத்துக்கு ஏறவோ இறங்கவோ சுமார் 4 சதவீதம்.

VXX-ங்கிறது பங்கு மாதிரி சந்தையில வாங்கி விக்கிற ஒரு நோட்டு. அது பின்தொடர்றது VIX ஃபியூச்சர்ஸை, அதாவது பின்னாடி ஒரு தேதியில VIX எங்க இருக்கும்னு இப்பவே விலை பேசுற ஒப்பந்தங்களை, அதுவும் முதல் ரெண்டு மாசத்தோடது, தினமும் கிட்டத்து மாசத்துல கொஞ்சம் வித்து அடுத்த மாசத்துல வாங்குற கணக்கு. அமைதியான சந்தையில தூரத்து மாசம் விலை ஜாஸ்தி, ஏன்னா அதுக்குள்ள ஏதாவது நடந்துடலாம்னு பயம் இருக்குல்ல. உதாரணத்துக்கு VIX 14, முதல் மாசம் 15, ரெண்டாவது 16.5-னு வைங்க. ஒண்ணுமே நடக்கலைன்னா ஒரு மாசத்துல அந்த 16.5, 15 ஆகும், 15 போய் 14-ல முடியும். ரெண்டும் சேர்ந்து மாசம் சுமார் 8 சதவீதம் போகுது, மூணு மாசத்துல 22.

2020 மார்ச் மாதிரி பீதியில கிட்டத்து மாசம் விலை மேல போயிடும், அப்ப கிட்டத்து மாசத்தை வித்து அடுத்த மாசத்தை வாங்குற இதே வேலை உங்களுக்கு லாபம், ஆனா அது ரொம்ப நாள் நிக்காது. அதனால வாங்குறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு மாச விலையையும் பாருங்க, ரெண்டாவது ஜாஸ்தின்னா மாசக்கணக்குல வச்சிருக்காதீங்க, ப்ளீஸ்.