விலை ஏறுமுன் நூல் வாங்கிப் போடலாமா?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் விசைத்தறி வைத்திருக்கிறேன். மாதம் 1,000 கிலோ நூல் ஓடும். கிலோ 300 ரூபாய். அடுத்த மாதம் முதல் 12 ரூபாய் ஏற்றுகிறார்கள். வழக்கமாக 30 நாள் கடன் உண்டு, கூடுதல் சரக்குக்கு மட்டும் ரொக்கம் கேட்கிறார்கள். சிசி கணக்கில் 12 சதவீத வட்டிக்குப் பணம் எடுத்து ஆறு மாத நூலை இப்போதே வாங்கிவிடலாமா?

பதில்: ஆறு மாதம் வேண்டாம். இரண்டு மாதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மிச்சமாவது 12 ரூபாய் போலத் தெரிகிறது. ஆனால் ரொக்கம் கொடுத்தால் 30 நாள் கடனை இழக்கிறீர்கள். 300 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 3 ரூபாய். ஆக, உண்மையான மிச்சம் 9 ரூபாய்தான்.

அப்புறம், நூல் குடோனில் இருக்கும் ஒவ்வொரு மாதமும் கிலோவுக்கு வட்டி 3 ரூபாய். வாடகை, இன்சூரன்ஸ், எலி கடித்தும் ஈரம் பட்டும் வீணாகும் கோன்கள் எல்லாவற்றுக்கும் ஒன்றரை ரூபாய் வைத்துக்கொள்ளலாம். மொத்தம் நாலரை ரூபாய். இரண்டு மாதம் காத்திருக்கும் கிலோவே அந்த 9 ரூபாயையும் தின்றுவிடும். அதற்குப் பிறகு தறிக்குப் போகும் ஒவ்வொரு கிலோவும் நஷ்டம்.

பலர் இங்கேதான் தவறுகிறார்கள். மொத்த மிச்சத்தையும் மொத்தச் செலவையும் கழித்துப் பார்த்து, லாபம் வந்தால் போதும் என்று வாங்கிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது கடைசி மூட்டையைத்தான். இரண்டு மாதச் சரக்கில் உங்களுக்கு 9,000 ரூபாய் நிற்கும். சரக்கு சராசரியாக அதில் பாதிக் காலம்தான் குடோனில் கிடக்கிறது என்பதால் இந்தக் கணக்கு. நான்கு மாதத்துக்கு வாங்கினால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆறு மாதம் என்றால் கையிலிருந்து 27,000 ரூபாய் போய்விடும். இப்போது குடோனில் இருக்கும் நூலையும் சேர்த்துத்தான் இந்த இரண்டு மாதம். பழையது தீரும்வரை புதியது காத்திருக்குமே.

நூல் விலை ஏறியபடியே நிற்கும் என்று நம்பித்தான் இந்தக் கணக்கே. பஞ்சு விலை இறங்கினால் மில்லும் இறக்கும், அப்போது குடோனில் இருப்பது விலை அதிகமான சரக்கு. பார்ட்டி வேறு நம்பர் நூலில் ஆர்டர் கொடுத்தாலும் இதே சிக்கல்தான். அதனால் உறுதியான ஆர்டர் கையில் இல்லையென்றால் ஒரு மாதச் சரக்கே போதும் என்பேன். கூலிக்கு வேண்டிய பணத்தை சிசி லிமிட்டில் தொடாமல் வைத்திருங்கள்.

இன்சூரன்ஸையும் கவனியுங்கள். பாலிசி 3 லட்சத்துக்கு இருந்து 6 லட்சம் ரூபாய்ச் சரக்கு வைத்திருந்தால், தீயில் 2 லட்சம் போனாலும் 1 லட்சம்தான் கிடைக்கலாம். மூட்டை இறங்குமுன் தொகையைக் கூட்டச் சொல்லுங்கள்.

வாங்குவதற்கு முன் மில்லிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். இன்றைய விலைக்கு ஆர்டர் எழுதிக்கொண்டு, மாதாமாதம் டெலிவரி தந்து, அன்றன்றைக்குப் பணம் வாங்கிக்கொள்வார்களா என்று. கொஞ்சம் அட்வான்ஸ் கேட்டால் கொடுக்கலாம். ஒப்புக்கொண்டால் மூன்று மாதத்துக்கும் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் விலையும் தேதியும் எழுத்தில் இருக்கட்டும்.