28 ஆட்டத்தில் ஜாக்கியும் ஒன்பதும் ஏன் ராஜா ராணியை விடப் பெரிது? நாலு சீட்டைப் பார்த்து எவ்வளவு ஏலம் கேட்பது, துருப்பை எப்படித் தேர்வு செய்வது?

ஐரோப்பாவில் யாஸ் என்றொரு சீட்டாட்டக் குடும்பம் உண்டு. அதில் துருப்பு இனத்தில் மட்டும் ஜாக்கியும் ஒன்பதும் மற்ற எல்லாவற்றையும் தாண்டி மேலே ஏறிவிடும். 28 அதன் வழிவந்தது என்றே கருதப்படுகிறது. நம் ஆட்டத்தில் அந்தச் சலுகை நான்கு இனத்துக்கும் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். வரிசை: ஜாக்கி, ஒன்பது, ஆஸ், பத்து, ராஜா, ராணி, எட்டு, ஏழு. ஜாக்கிக்கு 3 புள்ளி, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ராஜா ராணிக்கு ஒன்றுமே இல்லை, பாவம். ஓர் இனத்துக்கு 7 புள்ளி, நான்கு இனத்துக்கு 28. பெயரும் அதிலிருந்துதான்.

ஏலம் பெரும்பாலும் 14-இல் தொடங்கும். புதிதாக ஆடுபவர்கள் கையிலுள்ள புள்ளியை எண்ணிக் கேட்கிறார்கள். நான் எதிரணியை எண்ணுவேன். நீங்கள் 20 புள்ளி எடுப்பதாகக் கேட்டால், அவர்கள் 9 எடுத்தாலே நீங்கள் அவுட். 9 என்பது வெறும் மூன்று ஜாக்கி! 16 கேட்டால் அவர்களுக்கு 13 தேவை. நாலு புள்ளி வித்தியாசம்தான், ஆனால் அவர்களுக்கு வேலை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிறது.

முதல் நாலு சீட்டு இப்படி வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்: ஸ்பேடில் ஜாக்கி, ஒன்பது, ஏழு; டைமண்டில் ஆஸ். நான் 16 வரை தயங்காமல் போவேன். துருப்பு ஸ்பேடுதான். எட்டு ஸ்பேடில் மூன்று உங்களிடம். மீதி ஐந்து, இன்னும் பிரிக்காத சீட்டிலும் மற்றவர் கையிலும் சிதறிக் கிடக்கும். ஜாக்கியும் ஒன்பதும் சேர்ந்திருப்பதால் அந்த இரண்டு துருப்பையும் வெல்ல ஆளே இல்லை. துருப்பைக் குறிக்க அந்த இனத்தில் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும்; அதற்கு ஏழாம் சீட்டை எடுங்கள். துருப்பு திறக்கும்வரை அந்தச் சீட்டு கைக்கு வராது, அங்கே ஜாக்கியை முடக்கி என்ன பயன்?

ஸ்பேட், டைமண்ட், கிளாவர் மூன்றிலும் ஒவ்வொரு ஜாக்கி, ஹார்ட்டினில் ஏழு வந்தால்? 9 புள்ளி கையில் இருக்கிறதே என்று ஆசை வரும். ஜாக்கியை அந்த இனத்தின் முதல் சுற்றிலேயே இறக்கினால் பெரும்பாலும் பிழைக்கும், ஏனென்றால் அப்போது எல்லோரிடமும் அந்த இனம் இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டாம் சுற்றுக்குத் தள்ளிப்போட்டால் ஆபத்து: இனம் தீர்ந்த எதிராளி துருப்பைக் கேட்டுத் திறக்கச் சொல்லி, உங்களுடைய துருப்பாலேயே வெட்டுவார். துருப்பாக எந்த இனத்தை வைத்தாலும் உங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று. இந்தக் கையோடு 15-க்கு மேல் நான் போவதில்லை. அடுத்த நாலு சீட்டில் துருப்பு வருமென்று நம்பி ஏலத்தை ஏற்றுபவர் என் ஜோடியாக உட்கார்ந்தால், ஆட்டம் முழுக்க எனக்குப் பதற்றம்தான்.