செயலியில் ரீலோட்: எண்ணிலிருந்து மீதி வரை

வெள்ளவத்தையிலிருந்து அம்மாவின் 072 எண்ணுக்கு ரீலோட் போட்டால், செயலி தானாகவே ஹட்ச் என்று காட்டுகிறதே, எப்படி? காசு எவ்வாறு போய்ச் சேருகிறது?

முதல் மூன்று இலக்கங்களைச் செயலி தன் அட்டவணையில் தேடுகிறது. 072 முன்பு எடிசலாட்டுக்குரியது. 2018இல் எடிசலாட் நிறுவனம் ஹட்சுடன் இணைந்தது. இத்தகைய மாற்றத்தின்பின் அட்டவணையைத் திருத்தாவிட்டால் ரீலோட் தவறான நிறுவனத்துக்குச் செல்லும். செயலி காட்டும் பொதிப் பட்டியல் எண்ணுக்குரிய நிறுவனத்திடமிருந்தோ இடைநிலை முகவரிடமிருந்தோ வருகிறது.

பணம் செலுத்தியதும், எண், தொகை, தனித்துவமான பரிவர்த்தனை இலக்கம் ஆகியவை நிறுவனத்துக்கு அனுப்பப்படும். அங்குதான் மீதி கூட்டப்படுகிறது. சிக்கல் பெரும்பாலும் இங்கேதான்: பதில் தாமதமானால் செயலி ‘நிலுவையில்’ என்று காட்டும், ஆனால் மீதி ஏற்கனவே கூடியிருக்கலாம். செயலி அதே இலக்கத்தைக் கொண்டு நிலையை விசாரித்தால் ரீலோட் இரட்டிப்பாகாது. நீங்கள் பொறுமையிழந்து மீண்டும் அழுத்தினாலோ புதிய இலக்கம் உருவாகி, 500 ரூபாய் இருமுறை போய்விடக்கூடும். ஆகவே, முதலில் அம்மாவின் கைபேசிக்கு நிறுவனத்தின் குறுஞ்செய்தி வந்ததா, மீதி கூடியதா என்று கேளுங்கள்.