ஃப்ளோ மீட்டர் பல்ஸை லிட்டராக மாற்றி, சரியான அளவில் நிறுத்துவது எப்படி?

கேள்வி: ஃப்ளோ மீட்டர் வெறும் பல்ஸ்தானே தருகிறது? அதை மொத்த லிட்டராக்கி, 20 லிட்டர் கேன் நிரம்பியதும் சரியாக நிறுத்துவது எப்படி?

மீட்டருக்குள் ஒரு சின்னச் சக்கரம் நீரோட்டத்தில் சுழல்கிறது. அது குறிப்பிட்ட அளவு சுழலும்போதெல்லாம் வரும் ஒரு மின்துடிப்புதான் பல்ஸ். ஒரு லிட்டருக்கு எத்தனை பல்ஸ் என்பதை கே-காரணி என்பார்கள். அது 450 என்று வைத்துக்கொண்டால், 20 லிட்டருக்கு 9000 பல்ஸ். பல்ஸை முழு எண்ணாகவே கூட்டிக்கொண்டு வாருங்கள். காட்டும்போது மட்டும் 450-ஆல் வகுங்கள். ஒவ்வொரு நொடியும் லிட்டராக்கி, தசமத்தை வெட்டிக் கூட்டினால் சிறு பிழைகள் சேர்ந்துவிடும்.

சரி, 9000 வந்ததும் வால்வை மூடச் சொன்னால் போதுமா? போதாது. பிரேக் போட்ட இடத்திலேயே பஸ் நிற்பதில்லை அல்லவா? வால்வும் மூடி முடிக்கச் சற்று நேரம் எடுக்கும், அதுவரை தண்ணீர் ஓடும். ஓட்டம் முழுதும் நின்றபின் எண்ணிக்கை 9090 என்றால், மிகை 90 பல்ஸ், அதாவது 0.2 லிட்டர். அடுத்த முறை 8910-லேயே மூடச் சொல்லுங்கள். அழுத்தம் மாறினால் இந்த மிகையும் மாறும். அதனால் கடைசி ஒரு லிட்டரை மெதுவாக விடுவது நல்லது.

கேனில் அதிகம் விழுந்தால் பலரும் கே-காரணியைத்தான் மாற்றுகிறார்கள். ஆனால் இறுதி எண்ணிக்கையும் தராசில் நிறுத்துப் பார்த்த அளவும் ஒத்துப்போனால் மீட்டர் சரி, தாமதம் வால்வில்தான். அவை ஒத்துப்போகாதபோதே கே-காரணியைத் திருத்த வேண்டும்.