குழி ரோட்டுக்கு டியூப்லெஸ்ஸா, டியூப்பா? டயர் கடைக்காரரிடம் கேள்வி பதில்

பாலக்கோடு பக்கம் பைக் டயர், ரிம் வேலை பார்ப்பவர் பதில் சொல்கிறார்.

பென்னாகரம்: அண்ணா, 150 சிசி பைக், அலாய் வீல், டியூப்லெஸ். தினமும் தருமபுரிக்கு வேலைக்குப் போய் வருகிறேன். முன் டயரில் மூன்று நாளைக்கு ஒரு தடவை காற்று இறங்கிவிடுகிறது. பஞ்சர் கடையில் தண்ணீரில் முக்கிப் பார்த்துவிட்டு ஆணி எதுவும் இல்லை, ஜெல் ஊற்றிக்கொள் என்கிறார்கள். பேசாமல் டியூப்புக்கு மாறிவிடலாமா?

ஜெல் ஊற்றாதீர்கள் தம்பி. டியூப்புக்கும் இப்போதே போக வேண்டாம். காற்று எங்கே போகிறது என்று முதலில் பார்க்கலாம்.

ஆணி இல்லாமல் டியூப்லெஸ்ஸில் காற்று இறங்கினால் பெரும்பாலும் மூன்று இடம்தான். வால்வு, ரிம் உதடு, ரிம்மில் விரிசல். டயரின் ஓரம், அதாவது பீடு, ரிம்மில் இறுக்கி உட்கார்ந்திருப்பதால்தான் காற்று நிற்கிறது. நம் பக்கத்து ரோட்டில் பேட்ச் போட்ட இடத்தைக் கவனித்திருப்பீர்கள். ஒட்டு ஒரு பக்கம் மேடாக நிற்கும், அதை ஒட்டியே தார் பெயர்ந்து வெட்டிவிட்டது போல ஒரு விளிம்பு இருக்கும். காற்று குறைவாக இருக்கும்போது சக்கரம் அதில் இறங்கி ஏறினால், டயர் முழுக்க நசுங்கி ரிம் உதடே போய் இடிக்கும். அங்கே சின்னதாக ஒரு பள்ளம் விழும். ஓட்டும்போது தெரியாது. பீடு அந்த இடத்தில் மட்டும் சரியாக ஒட்டாது, காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். காற்று குறைந்த டயர் அடுத்த குழியில் இன்னும் பலமாக அடி வாங்கும்.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துங்கள். காற்றை 30 வரை ஏற்றிக்கொண்டு, சோப்புத் தண்ணீரைப் பழைய பெயின்ட் பிரஷ்ஷில் தொட்டு முதலில் வால்வின் அடியில் தடவுங்கள். வால்வை விரலால் நாலு பக்கமும் சாய்த்துப் பாருங்கள். ரப்பர் வெடித்திருந்தால் சாய்க்கும்போதுதான் நுரை வரும், நேராக நிற்கும்போது வராது. அப்புறம் இரண்டு பக்கமும் ரிம் உதட்டைச் சுற்றித் தடவிவிட்டு ஐந்து நிமிஷம் காத்திருங்கள். மெதுவான கசிவில் பெரிய குமிழி வராது. ஒரே இடத்தில் பொடி நுரை கட்டி நிற்கும். தொட்டியில் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு ஒன்றுமில்லை என்று சொன்னவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

நுரை கட்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஒரு குச்சியை ஃபோர்க்கில் கட்டி அதன் நுனியை ரிம் ஓரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். குச்சிக்கும் ரிம்முக்கும் நடுவில் உள்ள இடைவெளி கோடு போட்ட இடத்தில் விரிகிறதா என்று பாருங்கள். ஆட்டம் மொத்தம் 2 மில்லிமீட்டருக்குள் என்றால் பொதுவாக ரிம்மை விட்டுவிடலாம். டயரைக் கழற்றி, பீடு உட்காரும் இடத்தில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை எமரித் தாளால் தேய்த்து எடுத்து, வால்வைப் புதிதாகப் போட்டு மாட்டினாலே பாதி வண்டிக்குக் கசிவு நின்றுவிடும். அதற்கு மேல் வளைந்திருந்தால், அலாய் நிமிர்த்தும் மெஷின் உள்ள கடையில் கொடுங்கள். சுத்தியலால் தட்டி நிமிர்த்துவேன் என்கிறவரிடம் கொடுக்காதீர்கள், அலாய் இரும்பு மாதிரி வளையாது, வெடித்துவிடும்.

விரிசல் சந்தேகம் இருந்தால் டயரைக் கழற்றியபின் அந்த இடத்தைத் துடைத்து மண்ணெண்ணெய் தடவி ஊறவிடுங்கள். நன்றாகத் துடைத்துவிட்டு மேலே சாக்பீஸ் பொடி தூவுங்கள். விரிசலுக்குள் போன எண்ணெய் பொடியில் கோடாக ஊறி வரும். அப்படிக் கோடு வந்துவிட்டால் முன் சக்கரத்துக்கு வெல்டிங் பேச்சே வேண்டாம், ரிம்மை மாற்றிவிடுங்கள்.

எல்லாம் முடிந்தபின் ஒரே ஒரு வேலை. வாரம் ஒரு காலை, வண்டி எடுப்பதற்கு முன்னால், மீட்டர் வைத்துக் காற்று பாருங்கள். கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பது கணக்கில்லை.

ஓசூர்: நைட்ரஜன் அடித்தால் டியூப்லெஸ் குழியில் தாங்குமா?

தாங்காது. சாதாரணக் காற்றையே சரியான அளவில் வையுங்கள்.

அஞ்செட்டி: எனக்கு ஸ்போக் வீல், டியூப் டயர். மலைப்பாதை, முள் வேறு. டேப் ஒட்டி ஸ்போக் ரிம்மையே டியூப்லெஸ் ஆக்குகிறார்கள் என்று வீடியோ பார்த்தேன். செய்யலாமா அண்ணா?

ஸ்போக் நிப்பிள் ஓட்டையை டேப் அடைக்கும், அது சரி. ஆனால் டியூப்லெஸ் ரிம்மில் பீடு உள்ளே நழுவாமல் பிடிக்க ஒரு மேடு இருக்கும். உங்கள் ரிம்மில் அது இருக்காது. காற்று இறங்கின நேரத்தில் வளைவில் சாய்த்தால் பீடு நழுவி மொத்தக் காற்றும் ஒரே மூச்சில் போய்விடும். அஞ்செட்டி ரோட்டு வளைவில் அது வேண்டவே வேண்டாம்.

உங்கள் ரோட்டுக்கு ஸ்போக்கும் டியூப்பும் கெட்ட கூட்டணி இல்லை. ரிம் வளைந்தாலும் டியூப் காற்றைப் பிடித்துக்கொள்ளும், ஸ்போக்கை முறுக்கி நேராக்கலாம், டியூப் பேட்ச் போட எந்த ஊரிலும் ஆள் உண்டு. கெட்டது என்னவென்றால் ஆணி ஏறினால் டக்கென்று இறங்கும். டியூப்லெஸ் என்றால் ஆணி உள்ளேயே இருக்க, கடை வரைக்கும் ஓட்டிவிடலாம். அடுத்த தடவை டியூப்பைக் கழற்றும்போது ஓட்டையைப் பாருங்கள். ஒரே ஓட்டை என்றால் முள்ளோ ஆணியோ. அருகருகே இரண்டு கீறல் என்றால் முள் இல்லை, ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் கடிபட்டிருக்கிறது. அதற்குக் காரணம் காற்றுக் குறைவு. முள் ஓட்டை என்றால் டயரின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்து, ஒடிந்த முனை இருந்தால் எடுத்த பிறகுதான் டியூப்பை மாட்ட வேண்டும்.

கிருஷ்ணகிரி: நீங்கள் சும்மா பயமுறுத்துகிறீர்கள். என் அலாய் வளைந்து காற்று நிற்கவில்லை, டியூப்லெஸ் டயருக்குள்ளேயே டியூப் போட்டுவிட்டேன். இரண்டு வருஷமாக ஓட்டுகிறேன், ஒரு பிரச்சனையும் இல்லை.

ஓடும் சார், ஓடாது என்று சொல்லவில்லை. உங்கள் வண்டியில் வால்வு ஓட்டையைப் பாருங்கள். டியூப்லெஸ் வால்வுக்கு ரிம்மில் ஏறக்குறைய 11 மில்லிமீட்டர் ஓட்டை. டியூப் வால்வுத் தண்டு 8 மில்லிமீட்டர் சுமார். நடுவில் புஷ் போடாமல் விட்டால் தண்டு ஆடும். பிரேக் பிடிக்கும்போது டயரோடு டியூப் கொஞ்சம் நகர, வால்வு சாய்ந்து அடிப்பக்கம் கிழியும். அது பேட்ச் போட முடியாத இடம். வால்வு சாய்ந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

ஊத்தங்கரை: அதோடு டியூப் போட்டால் சூடாகும் அண்ணா. அதனால்தான் வெடிக்கிறது.

சூடாகும் என்பது சரி, உராய்வு அதிகம். ஆனால் நம் பக்கம் 40, 50 வேகத்தில் போகிறவர்களுக்குச் சூட்டால் வெடித்து நான் பார்த்ததில்லை. கிழிவதும் கடிபடுவதும்தான் பார்த்திருக்கிறேன். தொப்பூர் வழியாகச் சேலத்துக்கு நெடுஞ்சாலையில் வேகமாகப் போகிறவர் என்றால் சூட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பர்கூர்: கிரானைட் லாரி ஓட்டுகிறேன். நாங்கள் எவ்வளவு காலமாக டியூப் போட்ட டயரில் லோடு ஏற்றுகிறோம்? பைக்குக்கு மட்டும் என்ன?

அது டியூப்புக்கென்றே செய்த டயரும் ரிம்மும் அண்ணே. இங்கே பேச்சு டியூப்லெஸ்ஸுக்குச் செய்த டயருக்குள் டியூப்பைத் திணிப்பது பற்றி.

கிருஷ்ணகிரி: சரி, புஷ் போட்டுவிட்டால் பிரச்சனை தீர்ந்ததா இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

வால்வுப் பிரச்சனை தீரும், வளைந்த ரிம் தீராது. ஆட்டம் அப்படியே இருக்கும், குழியில் அடுத்த அடி அதே இடத்தில்தான் விழும். ஆணி ஏறினால் மெதுவாக இறங்கும் வசதியும் போய்விட்டது. அவசரத்துக்கு வீடு போய்ச் சேர நானே டியூப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ரிம்முக்குக் காசு சேரும் வரைக்கும் என்றால் போடுங்கள். நிரந்தரமாகவா என்றால் நான் போடமாட்டேன்.

கிருஷ்ணகிரி: நான் போட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

உங்கள் இஷ்டம் சார். வால்வைப் பாருங்கள்.

காவேரிப்பட்டணம்: சார், நான் டீச்சர். என் ஸ்கூட்டியில் டியூப் மாற்றிய பிறகு மைலேஜ் குறைந்துவிட்டது. டியூப் கனமாக இருப்பதாலா?

டியூப்பின் கனத்தால் மைலேஜ் இவ்வளவு போகாது மேடம். மாற்றியவர் பின் பிரேக்கை இறுக்கி வைத்திருக்கலாம். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள், பிடிக்கிறதா என்று. பிடிக்காவிட்டால் காற்று பாருங்கள்.

பாலக்கோடு: ஜெல் ஊற்றினால் பஞ்சரே ஆகாது என்கிறார்களே?

மேலே சொல்லிவிட்டேன். ஜெல் வால்வில் அடைத்துக்கொள்ளும், மீட்டர் தப்பாகக் காட்டும், ஸ்ட்ரிப் போட வந்தால் ஒட்டாது, டயரைக் கழற்றினால் கடை முழுக்க அழுக்கு. ரிம் வளைந்த கசிவையும் அது மூடிக் காட்டிவிடும். அதுதான் எனக்குக் கோபம்.

அரூர்: எவ்வளவு காற்று வைப்பது?

செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஸ்டிக்கர் இருக்கும், அதைப் பாருங்கள். இல்லை என்றால் வண்டிப் புத்தகம். 150 சிசி வண்டிகளில் பொதுவாக முன்னால் 25, தனியாகப் போனால் பின்னால் 28, ஆள் ஏறினால் 32 பக்கம். குழி ரோடு என்று இறக்கி வைக்காதீர்கள்.

தேன்கனிக்கோட்டை: எவ்வளவு காற்று வைக்கணும் அண்ணா?

ஒரு பதில் மேலே.

ராயக்கோட்டை: எந்தக் கம்பெனி டயர் நல்லது?

கம்பெனிச் சண்டைக்கு நான் வரவில்லை. பக்கச் சுவரில் டியூப்லெஸ் என்று இருக்கிறதா, அளவு உங்கள் வண்டிக்குச் சொன்னதுதானா, பழைய ஸ்டாக் இல்லாமல் சமீபத்தில் செய்ததா என்று பாருங்கள். செய்த தேதி பக்கச் சுவரில் நாலு இலக்கமாக இருக்கும், அதில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம்.

மாரண்டஹள்ளி: பெரிய குழியில் விட்டதிலிருந்து பின் டயரின் பக்கச் சுவரில் ஒரு இடத்தில் உருண்டையாக வீங்கி நிற்கிறது. காற்று இறங்கவில்லை. ஸ்ட்ரிப்போ உள்பேட்சோ போட்டு ஓட்டலாமா?

உள்ளே நூல் அறுந்துவிட்டது. காற்று இறங்காததால் நல்லபடி இருப்பது போலத் தெரிகிறது, அவ்வளவுதான். பேட்ச், ஸ்ட்ரிப் எல்லாம் ரோட்டில் படுகிற பட்டைக்கு மட்டும்தான், பக்கச் சுவருக்கு எதுவும் கிடையாது. உள்ளே டியூப் போட்டு ஓட்டு என்று யாராவது சொல்வார்கள், வீக்கம் வெடிக்கும்போது டியூப்பும் சேர்ந்து வெடிக்கும். பின்னால் யாரையும் ஏற்றாமல், மெதுவாக, பக்கத்துக் கடை வரைக்கும் மட்டும் ஓட்டிப் போய் டயரை மாற்றுங்கள். மாற்றும்போதே ரிம் உதட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். டயர் அப்படி அடி வாங்கியிருந்தால் ரிம்மும் வாங்கியிருக்கும்.