தீபாவளி வரை எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் கூடாது?

கேள்வி: "திருப்பூரில் பனியன் துணிகளுக்குப் பிரிண்ட் டிசைன் செய்து தருகிறேன். ஜிஎஸ்டி பதிவு இருக்கிறது. ஒன்றரை லட்சத்துக்குள் புதிய கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய வேண்டும். தீபாவளித் தள்ளுபடிக்குக் காத்திருப்பதா, புதிய கிராபிக்ஸ் கார்டு வந்து பழையது விலை இறங்கட்டும் என்று இருப்பதா? டாலர் ஏறுவதைப் பார்த்தால் இப்போதே வாங்கிவிடலாம் என்றும் தோன்றுகிறது."

பாகங்களை இரண்டாகப் பிரித்து வாங்குங்கள். பிராசசர், மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை, கேபினட் ஆகியவற்றை இப்போதே வாங்கலாம். கிராபிக்ஸ் கார்டும் மானிட்டரும் காத்திருக்கட்டும். பிராசசரிலேயே கிராபிக்ஸ் வசதி இருந்தால்தான் இது நடக்கும். ரைசன் 7 7700 போன்றவற்றில் அது உண்டு; 7500F போல எண்ணுக்குப் பின் F வந்தால் இல்லை. உங்கள் டிசைன் வேலைக்கு ராமும் பிராசசரும்தான் முக்கியம். சில மாதங்கள் தனி கார்டு இல்லாமலே, பழைய மானிட்டரை வைத்து வேலை ஓடும். பாகம் பாகமாக வாங்கி அட்டைப்பெட்டியிலேயே அடுக்கி வைப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பழுதை மாற்றித் தரும் அவகாசம் பெரும்பாலும் சில நாட்கள்தான். ஓட்டிப் பார்ப்பதற்குள் அது முடிந்துவிடும்.

டாலரைப் பற்றிய பயம் தேவைக்கு மேல் பெரிதாக இருக்கிறது. கடையில் 60,000 ரூபாய்க்கு விற்கும் ஒரு கார்டை எடுத்துக்கொள்வோம். 18 சதவீத வரியைக் கழித்தால் விலை சுமார் 50,850. இதில் டாலரில் கட்டும் பங்கு 46,000 என்று வைத்துக்கொண்டால், டாலர் 88 ரூபாயிலிருந்து 90 ஆகும்போது அந்தப் பங்கு ஆயிரத்துச் சொச்சம் கூடும். வரியோடு சேர்த்தால் சுமார் 1,200 ரூபாய். ஏற்றம் கடைக்கு விரைவில் வந்துவிடும், இறக்கம் மெதுவாகத்தான் வரும் என்பது உண்மை. ஆனாலும் இரண்டு ரூபாய் அசைவுக்காக அவசரப்பட வேண்டியதில்லை.

ராமும் எஸ்எஸ்டியும் வேறு கணக்கு. அவற்றின் விலையை டாலரைவிட உலகச் சந்தையில் மெமரி சில்லுகள் கிடைப்பதுதான் தீர்மானிக்கிறது. 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்குச் சில்லுகள் திரும்பியதால், சில மாதங்களில் டிடிஆர்5 ராம் விலை இரட்டிப்பையும் தாண்டியது. எந்தப் பண்டிகைத் தள்ளுபடியும் அதை ஈடுகட்டாது. மெமரி விலை ஏறுமுகத்தில் இருந்தால் உடனே வாங்குவதுதான் சிக்கனம்.

புதிய வெளியீடு வந்தால் பழையது மலிவாகும் என்பது பாதி உண்மை. கடைகளில் பழைய சரக்கு தேங்கியிருந்தால் மட்டுமே விலை இறங்கும். 2025 ஜனவரியில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை அறிவிக்கப்பட்டபோது, 40 வரிசையின் உயர்ரகக் கார்டுகளுக்கு முன்பே தட்டுப்பாடு வந்திருந்ததால் எதிர்பார்த்த சரிவு வரவில்லை. ரைசன் 7 7800X3D பிராசசரோ, 2024 ஆகஸ்டில் 9000 வரிசை வந்த பிறகு விலை ஏறியது. ஆகவே கோவை காந்திபுரம் பக்கம் இரண்டு மூன்று கடைகளில் ஒரே மாடலுக்குக் கொட்டேஷன் கேளுங்கள். எல்லோரிடமும் சரக்கு இருந்தால் காத்திருக்கலாம். "வரவழைத்துத் தருகிறோம்" என்றே எல்லோரும் சொன்னால், அந்த மாடலின் விலை இனி இறங்காது.

பண்டிகைத் தள்ளுபடியில் பார்க்க வேண்டியது உச்சவரம்பு. வங்கி அட்டைக்கு 10 சதவீதம் என்று விளம்பரம் இருக்கும். கீழே சிறிய எழுத்தில் அதிகபட்சம் 1,500 என்று இருந்தால், 60,000 ரூபாய்க் கார்டுக்குக் கிடைப்பது இரண்டரை சதவீதமே. 15,000 ரூபாய் மானிட்டருக்கு அதே சலுகை முழு 10 சதவீதம். அதனால்தான் மானிட்டரை ஆயுதபூஜை, தீபாவளி விற்பனைக்கு ஒதுக்கச் சொல்கிறேன். விற்பனைக்கு முந்தைய மாதத்திலேயே அதன் விலையைக் குறித்து வையுங்கள். பழைய விலை என்று அடித்துக் காட்டும் தொகையை நம்ப வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மிச்சம் ஜிஎஸ்டி உள்ளீட்டு வரி வரவு. தொழிலுக்கு வாங்கும் அந்த 60,000 ரூபாய்க் கார்டில் 9,150 ரூபாய்க்கு மேல் வரி இருக்கிறது. சாதாரணப் பதிவில் இருந்தால் உங்கள் விற்பனை வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம்; காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் முடியாது. பில் இல்லாமல் 3,000 குறைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், உங்களுக்கு அது நஷ்டம், வாரண்டியும் சிக்கலாகும். ஆன்லைனில் வாங்கினால் ஆர்டர் போடும் முன்பே ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்துவிடுங்கள். பிறகு பில்லைத் திருத்துவது கடினம். வேறு மாநில விற்பனையாளர் ஐஜிஎஸ்டி போட்டாலும் வரவு உண்டு. அடுத்த மாதம் GSTR-2B-யில் அந்த பில் வந்திருக்கிறதா என்று உங்கள் ஆடிட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். வரியைத் திரும்ப எடுத்துக்கொண்டால், அந்த வரித்தொகைக்குத் தேய்மானம் கோர முடியாது என்பதையும் அவரிடம் நினைவூட்டுங்கள்.