கேள்வி-பதில்: அதே மருந்து, எட்டு நாள் குழந்தைக்கு வேறு கணக்கு

கேள்வி: பிறந்த நான்காம் நாள் கிருமித்தொற்று என்று மகனை மருத்துவமனையில் சேர்த்தோம். ஜென்டாமைசின் ஊசியை 24 மணி நேரத்துக்கு ஒரு முறைதான் போட்டார்கள். என் தங்கையின் எட்டு மாதக் குழந்தைக்கு இதே ஊசியை வேறோர் இடத்தில் தினமும் மூன்று வேளை போட்டார்கள். எங்களிடம் பணத்தை வாங்கிக்கொண்டு மருந்தைக் குறைத்துவிட்டார்களா?

பதில்: குறைக்கவில்லை. மூன்று வேளை போட்டிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

உங்கள் மகன் மூன்று கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்த வயதில் கிலோவுக்கு 4 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவுகளில் ஒன்று. அப்படியானால் ஒரு ஊசி 12 மில்லிகிராம். தங்கையின் குழந்தை எட்டு கிலோ இருந்தால், கிலோவுக்கு 2.5 என்ற கணக்கில் வேளைக்கு 20, நாளுக்கு 60 மில்லிகிராம். இப்போது கிலோ கணக்கில் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு ஊசியில் உங்கள் மகனுக்குத்தான் கூடுதல். நாள் முழுக்க எடுத்தால் அவனுக்குப் பாதி அளவுதான்.

ஒரு ஊசியில் கூடுதலாகக் கொடுப்பதற்குக் காரணம் தண்ணீர். இந்த மருந்து செல்களுக்கு வெளியே இருக்கும் நீரில் பரவுகிறது. பிறந்த குழந்தையின் எடையில் முக்கால் பங்கு நீர், அதிலும் பெரும்பங்கு செல்களுக்கு வெளியே இருக்கிறது. அவ்வளவு நீரில் கலந்த பிறகும் கிருமியைக் கொல்லும் செறிவு கிடைக்க வேண்டும் என்பதால் ஒரு ஊசியின் அளவு சற்றுப் பெரிதாக இருக்கிறது.

நாளுக்கு ஒரு முறை மட்டும் போடுவதற்குக் காரணம் சிறுநீரகம். ஜென்டாமைசினைக் கல்லீரல் தொடுவதே இல்லை, சிறுநீரகம் வடிகட்டித்தான் அது வெளியேற வேண்டும். கருவில் இருந்தவரை அந்த வேலையைத் தாயின் உடல் நஞ்சுக்கொடி வழியாகச் செய்துவந்தது. பிறந்த முதல் நாட்களில் குழந்தையின் வடிகட்டும் திறன், உடல் பரப்பளவுக்கு ஏற்பக் கணக்கிட்டாலும், பெரியவர்களுடையதில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். இரண்டு வாரத்தில் அது ஏறக்குறைய இரட்டிப்பாகிறது, ஒரு வயதை ஒட்டி முழுமை பெறுகிறது. தங்கையின் குழந்தை அந்த முழுமையை நெருங்கிவிட்டது. உங்கள் மகன் இப்போதுதான் தொடங்கியிருக்கிறான்.

நிறைமாதக் குழந்தையின் முதல் வாரத்தில் இரத்தத்தில் உள்ள ஜென்டாமைசின் பாதியாகக் குறைய சுமார் 6 மணி நேரம் ஆகும். ஊசி போட்டதும் லிட்டருக்கு 8 மில்லிகிராம் இருந்தால், 6 மணி நேரத்தில் 4, 12-இல் 2, 18-இல் 1, 24-இல் அரை. அடுத்த ஊசிக்கு இதுதான் சரியான நேரம். இதையே 8 மணி நேரத்துக்கு ஒருமுறை போட்டால் என்ன ஆகும்? இரண்டாம் ஊசிக்கு முன் 3-க்கு மேல் மிச்சம் இருக்கும். அதன் மேல் 8 சேர்ந்து 11-ஐத் தாண்டும். மூன்றாம் ஊசிக்கு முன் 4-க்கு மேல் மிச்சம். அடுத்தடுத்த ஊசிகளில் மிச்சம் இன்னும் கூடி, 5-ஐத் தாண்டித்தான் நிற்கும். கேட்கும் திறனையும் சிறுநீரகத்தையும் கெடுப்பது இந்த இறங்காத மிச்சம்தான். சிறுநீரகம் கெட்டால் மருந்து இன்னும் மெதுவாக வெளியேறும், மிச்சம் இன்னும் ஏறும்.

(பெரிய குழந்தைகளுக்கும் தினம் ஒரே வேளையாகப் போடுகிறவர்கள் உண்டு. அப்போது அந்த ஒரு ஊசி கிலோவுக்கு 7 மில்லிகிராமை ஒட்டி இருக்கும். நாள் கணக்கு அங்கேயும் கூடுதல்தான்.)

நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது ஒன்று உண்டு. அடுத்த ஊசிக்குச் சற்று முன் இரத்தம் எடுத்து மிச்சத்தைப் பார்த்தார்களா, பார்த்திருந்தால் அளவு என்ன, எத்தனை மணிக்கு எடுத்தார்கள்? நேரம் குறிக்காத அறிக்கையால் பயனில்லை. பில்லில் உள்ள ஊசிகளின் எண்ணிக்கையும் நர்ஸ் எழுதிவைத்த மருந்துத் தாளில் உள்ளதும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அதில் வித்தியாசம் வந்தால் சண்டை போடுங்கள், நான் உங்கள் பக்கம்.

கேள்வி: பத்து நாள் குழந்தைக்கு மூக்கடைப்பு. கடையில் சளி சிரப் கொடுத்தார்கள். எத்தனை சொட்டு?

பதில்: ஒரு சொட்டும் வேண்டாம். இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பிறந்த மறுநாள் இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு அதிகம் என்றார்கள். ஐந்தாம் நாள் மறுபடி எடுத்தபோது குறைந்திருந்தது. முதல் அறிக்கை தவறுதானே? அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: தவறாக இருக்க வேண்டியதில்லை. முதல் நாட்களில் குழந்தையின் இரத்தத்தில் இருப்பது பெரும்பாலும் தாயிடமிருந்து வந்த கிரியாட்டினின். தாயின் அளவு எதுவோ, கிட்டத்தட்ட அதுவே குழந்தைக்கும் காட்டும். அது இறங்குகிறதா, எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதுதான் சிறுநீரகத்தைப் பற்றிச் சொல்லும். அதற்கு இரண்டாவது பரிசோதனை தேவைதான். பணம் வீணாகவில்லை.

கேள்வி: மூத்தவளுக்கு வாங்கிய பாராசிட்டமால் சொட்டு மருந்து பாதி மீதி இருக்கிறது. சீட்டில் 'கைக்குழந்தைகளுக்கு' என்றுதான் போட்டிருக்கிறது. கிலோவுக்கு இவ்வளவு என்று எடை பார்த்துச் சரியாகக் கணக்குப் போட்டேன். மூன்று வாரக் குழந்தைக்கு என்றதும் மருந்துக்கடைக்காரர் திட்டாத குறை. வகுத்துக் கொடுப்பதில் என்ன தப்பு?

பதில்: கடைக்காரர் நல்லவர். அவரை விட்டுவிடாதீர்கள்.

முதலில் காய்ச்சல். மூன்று வாரக் குழந்தைக்கு உடல் சூடு 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்கும் பேச்சே கிடையாது. நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாராசிட்டமால் சூட்டை இறக்கிவிடும், உள்ளே இருக்கும் தொற்றை இறக்காது. இது ஏற்கெனவே இந்தப் பகுதியில் எழுதியதுதான், அப்படியும் மீதி மருந்தோடு கடிதம் வருகிறது.

இனி உங்கள் வகுத்தல். எடை சரியாக இருக்கலாம், ஆனால் உங்கள் கணக்கில் கல்லீரல் இல்லை. மூத்த குழந்தையின் கல்லீரல் பாராசிட்டமாலை வெளியேற்ற முக்கியமாக இரண்டு வழிகளில் மாற்றுகிறது. ஒன்று குளூகுரோனைடு சேர்ப்பது, மற்றொன்று சல்பேட் சேர்ப்பது. பிறந்த குழந்தையிடம் சல்பேட் வழி நன்றாக வேலை செய்யும், குளூகுரோனைடு வழி இன்னும் பாதிகூடத் திறக்கவில்லை. அதனால் மருந்து கூடுதல் நேரம் உடம்பில் தங்கும். மருத்துவர் இதைக் கொடுக்கச் சொன்னால்கூட 4 மணி இடைவெளி என்பது 6 முதல் 8 மணி ஆகும். ஒரு நாளுக்கான உச்ச அளவும் இறங்கும். குறைமாதக் குழந்தை என்றால் இன்னும் இறங்கும். வேளைக்கு எத்தனை மில்லி என்று மட்டும் கணக்குப் போட்ட நீங்கள் இடைவெளியை மூத்தவளுடையதாகவே வைத்திருப்பீர்கள்.

இந்த எடைக் கணக்கு ஏற்கெனவே உயிர்களைக் குடித்திருக்கிறது. குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக்கை ஒரு காலத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் கிலோவுக்கு நாளொன்றுக்கு 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் கொடுத்தார்கள். வயிறு உப்பி, மூச்சு திணறி, தோல் சாம்பல் நிறமாகிக் குழந்தைகள் இறந்தன. 1959-இல்தான் காரணம் மருந்து என்று தெளிவாக எழுதப்பட்டது. அந்த மருந்தை முடக்குவதும் இதே குளூகுரோனைடு வழிதான். அது திறக்காததால் மருந்து இரத்தத்தில் ஏறிக்கொண்டே போயிற்று. முடங்காத மருந்தை வெளியேற்றச் சிறுநீரகத்துக்கும் வலு இல்லை. பிறகு வந்த பரிந்துரை, முதல் இரண்டு வாரத்தில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 25, அதற்கு மேல் 50. பதினைந்து நாள் வித்தியாசத்தில் அளவு இரட்டிப்பாகிறது.

இவ்வளவு தெரிந்த பிறகும் 'கைக்குழந்தைகளுக்கு' என்ற ஒரே சொல்லில் முதல் நாளையும் பதினொன்றாம் மாதத்தையும் ஒன்றாகக் கட்டி அச்சிடுகிறார்கள். இதைப் பல வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். பிறந்து 28 நாள் வரை ஒரு தனி வரி வேண்டும்: அளவு, இடைவெளி, உச்ச வரம்பு, இல்லாவிட்டால் 'கொடுக்காதே'. பெட்டியில் அதற்கு இடமில்லை என்று சொல்லாதீர்கள். சிரிக்கும் பொம்மைக்குப் பாதிப் பக்கம் ஒதுக்கத் தெரிகிறது.

கேள்வி: 'பிறந்த நாள் முதல், முற்றிலும் இயற்கை' என்று சொல்லி வயிற்றுவலி மருந்து விற்றார்கள். குழந்தை இரண்டு நாள் பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாள். மருந்தை நிறுத்தியதும் சரியானாள். என் தவறுதான் காரணமா?

பதில்: உங்கள் மீது ஒரு குற்றமும் இல்லை. அழும் குழந்தையை வைத்துக்கொண்டு தவிக்கிறவரிடம் பொய் சொல்லி விற்றிருக்கிறார்கள். ஆனாலும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், பாட்டிலையும் கொண்டுபோங்கள்.

என்ன நடந்திருக்கும் என்று பாட்டிலைப் பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் எந்த மூலிகை என்பதோடு, அது எதில் கரைக்கப்பட்டிருக்கிறது என்றும் கேளுங்கள். ஆல்கஹால், புரோப்பிலீன் கிளைக்கால், பென்சைல் ஆல்கஹால் ஆகியவற்றைப் பெரியவர்களின் உடல் சிறு அளவில் சமாளித்துவிடும். பிறந்த குழந்தையின் கல்லீரலும் சிறுநீரகமும் அவற்றை மெதுவாகத்தான் வெளியேற்றும். பென்சைல் ஆல்கஹால் பதப்படுத்தியாகச் சேர்த்த திரவங்களால் குறைமாதக் குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்தது 1982-இல் வெளிவந்தது. அது பென்சாயிக் அமிலமாக மாறியதும் அடுத்த படிக்குக் கொண்டுபோகக் கல்லீரலுக்குத் திறன் இல்லை. இரத்தம் அமிலமாயிற்று.

உறவுக்காரக் குழந்தைக்காக நானும் இப்படி ஒரு பாட்டில் வாங்கினேன். சேர்மானப் பட்டியல் மேலே ஒட்டிய விளம்பரத் தாளுக்கு அடியில் இருந்தது. பிரித்துப் பார்த்தால் 'சுவையூட்டி, பதப்படுத்தி: தேவையான அளவு' என்று மட்டும் இருந்தது. எது, எவ்வளவு என்று கேட்டுத் தயாரித்தவர்களுக்கு எழுதினேன். பதில் வரவில்லை. பாட்டில் குப்பைக்குப் போனது.

உங்கள் பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள். சீட்டு, தொகுதி எண், வாங்கிய ரசீது மூன்றையும் படம் எடுத்து, மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளிடம் புகார் கொடுங்கள். குழந்தை எத்தனை நாள் வயதில் குடித்தாள், எத்தனை மில்லி, எத்தனை வேளை என்பதையும் எழுதுங்கள்.

கேள்வி: என் பையன் எட்டு வாரம் முன்னதாகப் பிறந்தான். இப்போது இரண்டு மாதம் முடிந்தது. மருந்துச் சீட்டில் 'இரண்டு மாதம் முதல்' என்று இருக்கிறது. கொடுக்கலாம்தானே?

பதில்: சீட்டில் உள்ள இரண்டு மாதம் நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு உரியது. உங்கள் மகன் 32 வாரத்தில் பிறந்து எட்டு வாரம் ஆகியிருக்கிறது, கருவில் இருந்ததையும் சேர்த்தால் இப்போதுதான் 40 வாரம். பிறந்த பிறகான எட்டு வாரத்தில் அவனுடைய சிறுநீரகமும் கல்லீரலும் கொஞ்சம் முன்னேறியிருக்கும், அதனால் இன்று பிறந்த குழந்தையைப் போலவும் கணக்கிட முடியாது. கருவில் இருந்த வாரங்கள், பிறந்த பிறகான வாரங்கள் இரண்டையும் பார்த்துத்தான் அளவு முடிவாகும். மருத்துவரிடம் போகும்போது "இரண்டு மாதம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை வாரத்தில் பிறந்தான், பிறந்து எத்தனை வாரம், இன்றைய எடை என்ன என்று மூன்றையும் சொல்லுங்கள். மருந்துக்கடையிலும் அதையே சொல்லுங்கள்.